ஒரு கோட்டை அழித்தால் போதும்

2021 மே மாத ஊரடங்கில் தமிழ்நாட்டில் பல வீடுகளுக்குக் கணக்கெடுப்பவர் வர முடியவில்லை. மீட்டரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்றது மின்வாரியம்.

ஒரு கற்பனைக் கணக்கு: போன முறை 18,255, இப்போது 18,760. ஓடியது 505 யூனிட். அன்றைய கட்டணப்படி 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் விலை ஏறும். படத்தில் 6-ன் இடப்பக்கக் கீழ்க்கோட்டை மட்டும் அழித்தால் அது 5, யூனிட் 495. மீட்டர் எண் கூட்டிக்கொண்டே போவதால், மறைத்த 10 யூனிட் அடுத்த பில்லில் தானாக வந்துவிடும். திருடப்படுவது மின்சாரம் அல்ல, படி!

எப்படிப் பிடிப்பது? எல்சிடி திரையில் எரியாத கோடும் பெரும்பாலும் மங்கலாகத் தெரியும். அழித்த இடத்தில் அந்த நிழலும் இருக்காது, திரையின் இயல்பான புள்ளியோட்டமும் இருக்காது.

பழைய படத்தையே திரும்ப அனுப்புவது வேறு ரகம். படத்தின் ஒளி-இருள் அமைப்பைச் சுருக்கிக் கைரேகைபோல் சேமித்து, புதிய படத்தோடு ஒப்பிடுவார்கள். ஓரத்தை வெட்டினால் இது சில சமயம் ஏமாந்துவிடும். அப்போது கண்ணாடியில் விழுந்த வெளிச்சம், ஒட்டடையின் கிளை எல்லாம் அச்சு மாறாமல் இருக்கின்றனவா என்று மனிதர்தான் பார்க்க வேண்டும். எடுத்த தேதியை நம்ப முடியாது: வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் அந்தக் குறிப்பு நீக்கப்பட்டுவிடும். சந்தேகம் தீராவிட்டால் ஆள் நேரில் போவதுதான் வழி.