தலாக்கும் குலுஃவும்

முஸ்லிம் விவாகம் குலையும் வழிகளுள் தலாக் கணவனிடமிருந்து பிறப்பது. குலுஃ மனைவி வேண்டிப் பெறுவது. இவ்விரண்டிலும் மனைவியின் பொருளுரிமை ஒன்றன்று. இவ்வேறுபாட்டை அறியாமையாற் பெண்கள் இழப்பது பெரிது.

இலங்கையில் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, தலாக் கூற விரும்பும் கணவன் முதலிற் காதியாருக்கு அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். காதியார் உறவினரையும் ஊர்ப் பெரியோரையும் துணைக்கொண்டு இருவரையும் இணக்க முயல்வார். முப்பது நாட்களுள் இணக்கம் ஏற்படாவிடின், காதியார் முன்னிலையில் இரு சாட்சிகள் அறியத் தலாக் கூறப்படும். முதலாம், இரண்டாம் தலாக்கின் பின் இத்தாக் காலத்துள் கணவன் மனைவியை மீட்டுக்கொள்ளலாம். மீட்காவிடின் மணம் முறியும். கூடி வாழ்ந்த மனைவிக்குச் செலுத்தப்படாத மஹர் முழுவதும், இத்தாக் காலத் தாபரிப்பும் உரியன.

குலுஃ இதனின் வேறுபட்டது. நபிகள் நாயகத்தின் காலத்தில் ஸாபித் இப்னு கைஸ் என்பாரின் மனைவி, கணவரின் மார்க்கத்திலும் ஒழுக்கத்திலும் குறை கூறாது, அவரோடு வாழ இயலாதெனப் பிரிவு வேண்டினார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்து மணத்தினின்றும் விடுபட்டார். கணவன்மீது குற்றம் சாட்டாத மனைவி, ஈடு கொடுத்துப் பெறும் விடுதலையே குலுஃ என்பது இதனாற் புலனாகும். கணவன் இசைந்தாலன்றி அது நிறைவேறாது. நிறைவேறியபின், புதிய நிக்காஹ் இன்றி அவன் அவளை மீட்கவும் முடியாது.

குற்றம் கணவனுடையதாயின் மனைவி நாடத்தக்கது பஸ்ஹ் ஆகும். தாபரியாமை, கைவிடல், கொடுமை முதலியவற்றைக் காட்டி அவள் காதியாரிடம் விண்ணப்பிப்பாள். மூன்று முஸ்லிம் மதியுரைஞர் உடனிருக்க விசாரணை நடைபெறும். சாட்சியம் வேண்டும், கணவனின் இசைவு வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு பெண்ணின் மஹர் 50,000 ரூபாய்; கொடுக்கப்பட்டது 10,000. அவள் வீட்டார் மணமகனிடம் அளித்த கைக்கூலி 2,00,000. கணவன் இரண்டாண்டுகள் தாபரியாது விட்டகன்றான். பஸ்ஹ் கிடைப்பின் எஞ்சிய 40,000 ரூபாயை அவள் கோரலாம். கைக்கூலியையும் மீளக் கோரலாம். ஆனால், "விரைவில் முடியும்" என்ற சொல்லை நம்பி, முழு மஹரையும் ஈடாக்கிக் குலுஃவுக்கு அவள் ஒப்பமிட்டால், பெற்ற 10,000 ரூபாயைத் திருப்புவதோடு எஞ்சிய 40,000 ரூபாயையும் இழப்பாள். குற்றமிழைத்தவன் கையில் 50,000 ரூபாய் மிஞ்சும்.

கைக்கூலி மஹரின் பகுதியன்று. ஆதலின் ஒப்பந்தத்தில் ஈடு யாதென்பது தெளிவாக எழுதப்படல் வேண்டும். "எல்லாக் கோரிக்கைகளையும் விட்டேன்" என்ற வாசகம் கைக்கூலியையும் வழக்குக்குள் இழுத்துவிடும். குழந்தையின் தாபரிப்போ தந்தையின் கடமை. பெற்றோரின் பிரிவால் அது நீங்காது.

காதியாரின் தீர்ப்பிற் குறை கண்டவர் காதிமார் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். எனினும், தன் விண்ணப்பம் குலுஃவா, பஸ்ஹா என்பதை ஒப்பமிடுமுன் கேட்டறிந்த பெண்ணுக்கு அம்முறையீட்டின் தேவை பெரும்பாலும் நேராது.