ஐ-140 வந்தாச்சா?

இப்படி ஒரு வரனை வைத்துக்கொள்வோம். ஜாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளைக்கு டல்லாஸில் ஐ.டி. வேலை, பெண் மதுரையில் பல் டாக்டர். வீடியோ காலில் பெண் கேட்கிறாள்: "கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போகலாம்ல?" "தாராளமாப் போங்க, எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை." இரு வீட்டாருக்கும் திருப்தி. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள்.

மாப்பிள்ளை பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த அனுமதி அவர் கையில் இல்லை. எச்-1பி விசாவில் இருப்பவரின் மனைவிக்குக் கிடைப்பது எச்-4. அதில் போனால் அங்கே வசிக்கலாம், படிக்கலாம். சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. 2015-இல் வந்த விதி ஒரு கதவைத் திறந்தது. கணவரின் கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால், மனைவி வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அதனால், "சம்மதமா?" என்று கேட்பதைவிட, "ஐ-140 வந்தாச்சா? இல்லேன்னா கம்பெனி எப்போ ஆரம்பிக்கும்?" என்று கேட்பது மேல். மனு ஏற்கப்பட்டிருந்தால் அதற்கான அறிவிப்புக் கடிதம் இருக்கும். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத மாப்பிள்ளையிடம் பெரும்பாலும் இருக்காது. அப்படியானால் இரண்டு மூன்று வருடம் வீட்டில் இருக்க நேரலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

பல் டாக்டருக்கு இதோடு முடிவதில்லை. இந்திய பி.டி.எஸ். பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே கிளினிக் நடத்த முடியாது. தேர்வுகள் எழுதி, பொதுவாக அங்குள்ள பல் மருத்துவக் கல்லூரியில் இரண்டு மூன்று வருடம் மறுபடி படிக்க வேண்டும். செலவும் பெரிது. அதை யார் கட்டுவது என்பதும் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பேச வேண்டிய விஷயம்தான்.

குழந்தைப் பேச்சு இங்கேதான் வந்து சேர்கிறது. "சும்மாதானே இருக்கே, இப்பவே பெத்துக்கலாமே" என்று மாமியார் சொல்வார். அவர் கணக்கில் அது காலியான காலம். அவளுக்கோ தேர்வுக்குப் படிக்கும் காலம். வேலை, பிள்ளை, வெளிநாடு மூன்றையும் தனித்தனியாகக் கேட்டால் மூன்றுக்கும் "சரி" என்றே பதில் வரும். ஒரே தாளில் வருடவாரியாக எழுதிப் பார்த்தால்தான் எது எதோடு இடிக்கிறது என்று தெரியும்.

"கொஞ்ச நாள்ல ஊருக்குத் திரும்பிடுவோம்" என்ற பதிலையும் அப்படியே விடக்கூடாது. இந்தியர்களின் கிரீன் கார்டு வரிசை பத்தாண்டுகளுக்கும் மேலாக நீள்கிறது. வரிசையில் நிற்பவருக்கு நடுவில் கிளம்ப மனம் வராது. ஒற்றைப் பிள்ளையாக இருக்கும் பெண் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கிரீன் கார்டு கிடைத்தாலும் அதை வைத்துப் பெற்றோரை அங்கே நிரந்தரமாகக் குடியேற்ற முடியாது. அதற்குக் குடியுரிமை வாங்க வேண்டும். அதுவரை அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனால் யார் போய் இருப்பது, எத்தனை மாதம்?