தட்டச்சு வேகம்: சொல்லை எண்ணலாமா?

தட்டச்சு பழகும் நம் பிள்ளைகளிடம், "நிமிடத்திற்கு எத்தனை சொல் அடிக்கிறாய்?" என்று கேட்கிறோம். தமிழுக்கு இந்தக் கேள்வி பொருந்துமா என்று பார்ப்போம்.

ஆங்கிலத் தட்டச்சில் 'சொல்' என்பது ஐந்து தட்டல்களுக்கு இட்ட பெயர். சொற்களுக்கிடையே விடும் இடைவெளியும் ஒரு தட்டலே. தமிழிலோ சொற்களை அப்படியே எண்ணிவிடுகிறோம். நம் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீளுபவை.

தமிழ்நாட்டு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை எடுத்துக்கொள்வோம். 'மரம்' என்று அடிக்க ம, ர, ம, புள்ளி என நான்கு தட்டல், இடைவெளியோடு ஐந்து. 'வெட்டிக்கொண்டிருந்தார்கள்' என்பதும் ஒரே சொல்தான். அதற்கு 21 தட்டல், இடைவெளியோடு 22. இதில் ட்ட, க்க, ண்ட, ந்த ஆகியவற்றின் புள்ளி தானாகவே விழுந்துவிடும்; அதை எண்ணவில்லை.

ஒரு நிமிடத்தில் அக்காள் 'மரம்' போன்ற 30 சொற்களையும், தங்கை அந்த நீண்ட சொல்லைப் போன்ற 10 சொற்களையும் பிழையின்றி அடித்ததாக வைத்துக்கொள்வோம். சொற்கணக்கில் தங்கை பின்தங்கிவிடுவாள். தட்டலை எண்ணினால் அக்காளுக்கு 150, தங்கைக்கு 220. ஐந்தால் வகுத்தால் 30, 44. வேகமானவள் தங்கையே!

எழுத்தை எண்ணினாலும் சரிவராது. 'ம' ஒரு தட்டல். 'கொ' தமிழ்99இல் இரண்டு, பழைய தட்டச்சுப் பொறியில் மூன்று. ஆகவே வேகத்தைச் சொல்லும்போது, தட்டல் எண்ணிக்கையோடு எந்த விசைப்பலகை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.