கம்பளத்திலிருந்து மேசைக்கு நான்கு வரிப் பாட்டு

அமெரிக்காவின் கிண்டர்கார்ட்டன் வகுப்பறைகளில் பெரும்பாலும் ஒரு பக்கம் கம்பளம் விரித்திருக்கும். பிள்ளைகள் அதில் சம்மணமிட்டு உட்கார்ந்து டீச்சர் சொல்லும் கதையைக் கேட்பார்கள். கதை முடிந்ததும் எழுந்து, அவரவர் மேசைக்குப் போய் எழுத வேண்டும். இடைவெளி பத்தடி இருந்தால் அதிகம். தள்ளுமுள்ளு, அழுகை, காணாமல் போன பென்சில் எல்லாம் அந்தப் பத்தடிக்குள்தான்.

“எல்லாரும் எழுந்திருங்க, வரிசையா நடங்க, உங்க இடத்துல உட்காருங்க, பேப்பரை எடுங்க, பேர் எழுதுங்க” என்று டீச்சர் ஒரே மூச்சில் சொல்லும்போது அது ஐந்து வேலை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதில் இரண்டோ மூன்றோதான் மனதில் தங்கும். மிச்சம் மறந்துபோய், நடுவழியில் நின்று பக்கத்துப் பிள்ளையின் சட்டையை இழுக்கும். பார்ப்பவர்களுக்கு அது அடங்காத்தனமாகத் தெரியலாம். உண்மையில் அடுத்து என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. பாட்டு இந்த இடத்தில் கைகொடுக்கிறது. ஒவ்வொரு வேலையையும் அது செய்ய வேண்டிய நொடியில் ஒரு வரியாக நினைவூட்டுகிறது. கடிகாரம் பார்க்கத் தெரியாத வயதில் “இரண்டு நிமிஷத்துல உட்காரணும்” என்பதற்குப் பொருளே இல்லை. பாட்டு முடிவது மட்டும் எல்லாப் பிள்ளைக்கும் காதில் விழும்.

தமிழில் அப்படி ஒன்று கட்டினால் இப்படி இருக்கலாம்:

மெல்ல எழுந்து மெல்ல நட,
மேசை பார்த்துப் போய் உட்கார்,
காலைத் தரையில் ஊன்றிக்கொள்,
கையில் பென்சில் எடுத்துக்கொள்.

மெட்டு புதிதாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்க ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டில் புதுச் சொற்களைப் பொருத்திவிடுகிறார்கள். பாட வராது என்று தயங்கும் டீச்சருக்கு இரண்டு சுரமே போதும். ஹங்கேரியின் இசையமைப்பாளர் ஸோல்டான் கோடாய் வழிவந்த இசைக்கல்வி, சிறுபிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதை இரண்டே சுரங்களில் தொடங்குகிறது. நம் கணக்கில் அது பஞ்சமத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு இறங்குவது.

வேகம்தான் முக்கியம். துள்ளலாகப் பாடினால் பிள்ளைகள் ஓடுவார்கள். நிதானமாக நடக்கும் காலடிக்குப் பொருந்துமாறு, ஒரு வரிக்கு ஐந்து நொடி எடுத்துக்கொண்டால் முழுப் பாட்டும் இருபது நொடி.

24 பிள்ளைகள், மேசைக்கு ஆறு பேராக நான்கு மேசைகள் உள்ள ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். கம்பளத்தில் உட்காரும் முன்பே பேப்பரும் பென்சிலும் மேசைமேல் வந்துவிட வேண்டும். கதை முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது டீச்சர் அதைச் சொல்லிவைக்கிறார். முடிந்ததும் சிறு மணியை ஒரு முறை தட்டுகிறார். அதன் ஓசை தேய்ந்து மறையும்வரை கைகள் மடியில் இருக்கும். அந்த அமைதியில், “முதல்ல உங்க பேர், அப்புறம் கதையில வந்த யானை” என்று வேலையைச் சொல்லிவிடுகிறார். பிறகு பாட்டு. முதல் சுற்றுக்குச் சிவப்பு மேசை மட்டும் எழும். மற்றவர்கள் உட்கார்ந்தபடியே சேர்ந்து பாடுவார்கள். அதனால் காத்திருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நான்கு சுற்று, எண்பது நொடி. கடைசி மேசை எழும்போது முதல் மேசை பெயரை எழுதி முடித்திருக்கும்.

இது முதல் நாளே வந்துவிடாது. முதல் வாரம் இரண்டு பிள்ளைகளை நடந்துகாட்டச் சொல்லி, எழுத்துப் பாடம்போல இதையும் பழக்க வேண்டும்.

சறுக்கும் இடங்களும் உண்டு. சத்தம் கூடும்போது டீச்சரும் குரலை உயர்த்தினால் பாட்டு இன்னொரு சத்தமாகிவிடும். அப்போது குரலைத் தாழ்த்த வேண்டும். மரியா மாண்டிசோரி தம் பள்ளியில் பழக்கிய மௌன விளையாட்டில், அடுத்த அறையிலிருந்து ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் கிசுகிசுப்பாக அழைப்பார். பெயர் காதில் விழவேண்டும் என்பதற்காகவே பிள்ளைகள் அசையாமல் இருந்தார்கள். அழைத்தவுடன் ஓசைப்படாமல் நடந்து வந்தார்கள். இன்னொரு தவறு, வாரம் ஒரு புதுப்பாட்டு. கேட்டுச் சலித்துப்போவது பெரியவர்களுக்குத்தான். பிள்ளை யோசிக்காமல் நடக்க அதே பாட்டு மாதக்கணக்கில் வேண்டும்.

பாட்டு வேலை செய்கிறதா என்று அறிய, மணி ஒலித்ததிலிருந்து கடைசிப் பிள்ளை பென்சிலைப் பேப்பரில் வைக்கும்வரை நேரத்தைக் குறித்துப் பார்க்கலாம். எல்லாரும் உட்கார்ந்த பிறகும் வேலை தொடங்கவில்லை என்றால் பாட்டில் பழுதில்லை. என்ன எழுதுவது என்பது பிள்ளைகளுக்குப் புரியவில்லை.

கூட்டமாகப் பாடும் ஓசையே தாங்காமல் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை ஏதாவது ஒரு வகுப்பில் இருக்கும். அதன் கையில் நாற்காலி, பென்சில் படம் வரைந்த ஓர் அட்டையைக் கொடுத்து, மணி அடிக்கும் முன்பே மேசைக்கு அனுப்பிவிடலாம். மற்றவர்கள் பாடத் தொடங்கும்போது அது தன் யானைக்குத் தும்பிக்கை வரைந்துகொண்டிருக்கும்.