ஃபார்மட் முடிந்தது, குறிப்பு எங்கே?

சின்ன கிளினிக்கில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் டெக்னீஷியன் வருகிறார், விண்டோஸைப் புதிதாகப் போடுகிறார், பில் பிரிண்டரில் ஒரு சோதனைச் சீட்டு அடித்துக் காட்டுகிறார், காசை வாங்கிக்கொண்டு கிளம்புகிறார். என்னென்ன மாற்றினார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த முறை அவர் ஊரில் இல்லாத நாளில் சிக்கல் வந்தால்? அந்த நாளுக்காக அவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியது ஒரு குறிப்பு. இரண்டு பக்கத்துக்கு மேல் வராது.

ஒரு டாக்டர், ரிசப்ஷனில் ஒரு பெண், ஒரே கம்ப்யூட்டர், அதில் நோயாளி விவரமும் பில்லும் ஏற்றும் ஒரு சாஃப்ட்வேர். இப்படி ஒரு கிளினிக்கை வைத்துக்கொள்வோம்.

குறிப்பில் முதலில் வருவது செட்டிங்ஸ். அதில் பலரும் விட்டுவிடுவது தேதி. விண்டோஸ் போடும்போது அமெரிக்க ஆங்கிலத்தைத் தேர்ந்துவிட்டால் மாதம் முன்னால் வந்துவிடும். 5/6 என்பது ரிசப்ஷனில் இருப்பவருக்கு ஜூன் 5, கம்ப்யூட்டருக்கு மே 6. சில சாஃப்ட்வேர்கள் விண்டோஸின் தேதி அமைப்பையே எடுத்துக்கொள்வதால், மறுபடி வரச் சொன்ன நாள் சத்தமில்லாமல் மாறிப்போகும். 12-ஆம் தேதிக்கு மேல் கம்ப்யூட்டர் தேதியை ஏற்க மறுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆகவே குறிப்பில் "Region: India, Short date: dd-MM-yyyy" என்று ஒரு வரி இருக்க வேண்டும். பிரிண்டரின் பெயர், அதன் ஐ.பி. முகவரி, பேப்பர் அளவு ஆகியவற்றுக்கு இன்னொரு வரி போதும்.

அடுத்தது கணக்குகள். உண்மையான வில்லங்கம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. விண்டோஸ் 11 போடும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். அவசரத்தில் டெக்னீஷியன் தன் மின்னஞ்சலையோ தன் மொபைல் எண்ணையோ கொடுத்துவிடுவார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, ஓ.டி.பி. உடனே கைக்கு வரும் என்பதுதான் காரணம். ஆனால் 24H2 பதிப்பிலிருந்து, புதிதாக விண்டோஸ் போட்டு அந்தக் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது. அதைத் திறக்கும் 48 இலக்க எண் அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். தினமும் அந்த எண் தேவைப்படாது. மதர்போர்டு மாற்றினாலோ பயாஸில் எதையாவது தொட்டாலோ ஒருநாள் நீலத் திரை வந்து "BitLocker recovery" என்று கேட்கும். அப்போது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கம்ப்யூட்டருக்கு முதலாளி. எண் கிடைக்கவில்லை என்றால் டிஸ்க்கை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்துதான்.

எனவே கணக்கு டாக்டரின் மின்னஞ்சலில், டாக்டரின் மொபைல் எண்ணில் இருக்க வேண்டும். 48 இலக்க எண்ணைக் காகிதத்தில் அச்சிட்டு, பாஸ்வேர்டுகளோடு சேர்த்து ஒட்டிய கவரில் போட்டு டாக்டர் வீட்டு பீரோவில் வைக்கலாம். குறிப்பில் கணக்கின் பெயர் மட்டும் போதும், பாஸ்வேர்டு வேண்டாம். ரிசப்ஷன் மேசையில் கிடக்கும் காகிதத்தை யாரும் படிப்பார்கள். ரிசப்ஷனில் தினம் திறக்கும் கணக்குக்கு அட்மின் உரிமையும் கொடுக்கக் கூடாது.

கடைசியாக பேக்கப். சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்தால் அது திறக்காமல் போகலாம், டேட்டாபேஸ் அப்போது பாதி எழுதிய நிலையில் இருக்கலாம். சாஃப்ட்வேரிலேயே உள்ள பேக்கப் வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும். குறிப்பில் இப்படி இருக்கலாம்: "தினமும் இரவு 8:30-க்கு D:\Backup ஃபோல்டரில் அன்றைய தேதியோடு ஒரு ஃபைல் விழும். அதுவரை கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது; ஸ்லீப் நிறுத்தப்பட்டிருக்கிறது."

காலையில் ரிசப்ஷனில் இருப்பவர் அந்த ஃபோல்டரைத் திறந்து பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்: நேற்றைய தேதி இருக்கிறதா, அளவு முந்தைய நாளையொட்டி இருக்கிறதா. முந்தாநாள் 410 எம்.பி., நேற்று 411 என்றால் சரி. நேற்று 2 கே.பி. என்றால் பேக்கப் எடுபடவில்லை.

இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வேண்டும். வாரம் ஒன்றாக மாற்றி, காப்பி ஆனதும் கழற்றி, ஒன்றை டாக்டர் வீட்டில் வைக்க வேண்டும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர், அப்போது செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். ஒன்டிரைவ் போதாதா என்று கேட்பார்கள். கெட்டுப்போன ஃபைலையும் அது விசுவாசமாக மேலே ஏற்றிவிடும். பழைய பிரதியைச் சில காலத்துக்கு மட்டும் மீட்கலாம். வீட்டுக்குப் போகும் டிஸ்க்கில் நோயாளிகளின் விவரம் இருப்பதால் அதற்கும் பாஸ்வேர்டு பூட்டு அவசியம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பேக்கப் ஃபைலை வேறொரு லேப்டாப்பில் ஏற்றி, முந்தைய நாள் வந்த ஒரு நோயாளியின் பில்லைத் தேடிப் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் இதைச் செய்தால் இன்றைய பதிவின் மேல் நேற்றையது ஏறிவிடும்.

மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், டெக்னீஷியன் பக்கத்தில் இருக்கும்போதே குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரே அந்தக் கணக்கில் ஒருமுறை நுழைந்து பாருங்கள். ஓ.டி.பி. உங்கள் போனுக்கு வரவில்லை என்றால் வேலை இன்னும் முடியவில்லை.