ஃப்ரீஸர் ஓயாமல் ஓடுகிறதா? முதலில் மூடியைப் பாருங்க

மல்லாங்கிணறு பக்கத்து வெயிலில் ஐஸ்கிரீம் பெட்டி நிற்காமல் ஓடினால், கரன்ட் பில் எகிறும். பலரும் உடனே கேஸ் போச்சு என்கிறார்கள். ஆனால் மூடி ஓரத்தில் மட்டும் ஐஸ் கட்டினால், வெளிக்காற்று உள்ளே புகுகிறது. அதிலுள்ள ஈரம்தான் அங்கே உறைகிறது.

பத்து ரூபாய் நோட்டை மூடி இடுக்கில் வைத்து, மூடி, இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் சோதித்தால், லேசாக உருவி வரும் இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. ஐஸைக் கத்தியால் சுரண்டாதீங்க. ப்ளக்கைப் பிடுங்கி உருக விட்டு, ரப்பரை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

ரப்பர் சரி, ஓட்டம் நிற்கலையா? ‘ஃபாஸ்ட் ஃப்ரீஸ்’ ஸ்விட்ச் இருந்தால் அணைத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டைக் குறைந்த குளிருக்குத் திருப்பி, சில மணி நேரம் உள்ளே தெர்மாமீட்டர் வையுங்கள். மைனஸ் 25 டிகிரிக்குக் கீழே போயும் ஓடினால் தெர்மோஸ்டாட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். குளிரே ஏறலைன்னா, கேஸைப் பார்க்க மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.