இரண்டு லாரிகளும் ஒரு கோடும்

செய்தித்தாளின் உள்பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படும் செய்தி இது: பாழடைந்த கட்டடத்தில் பதுங்கியிருந்த ஐந்து பேர் கைது, பட்டாக்கத்தி, கயிறு, மிளகாய்ப்பொடிப் பொட்டலம் பறிமுதல், கொள்ளையடிக்கத் திட்டம் தீட்டியது விசாரணையில் அம்பலம். பிடிபடுபவர்கள் எப்போதும் ஐந்து பேராகவோ அதற்கு மேலாகவோ இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நான்கு பேர் சிக்கியதாகச் செய்தி வருவது அபூர்வம்.

காரணம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்யும் கொள்ளைக்குத்தான் சட்டத்தில் கூட்டுக்கொள்ளை என்று பெயர். அதற்கு ஆயத்தம் செய்வதே தனிக் குற்றம்; பத்து ஆண்டுகள் வரை கடுங்காவல் கிடைக்கலாம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 399ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 310ஆம் பிரிவுக்குள் போயிருக்கிறது. அதே கத்தி, அதே மிளகாய்ப்பொடியோடு நான்கு பேர் உட்கார்ந்திருந்தால் இந்தப் பிரிவு அவர்களைத் தொடாது. ஐந்தாவது ஆள் உண்மையிலேயே அங்கே இருந்தாரா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குடைந்து குடைந்து கேட்பது இதனால்தான்.

கூட்டுக்கொள்ளை ஒரு விதிவிலக்கு. அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் சேர்ப்பது, கள்ள நாணயம் அடிக்கும் கருவி வைத்திருப்பது என்று இன்னும் சில விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி பொது விதி, குற்றத்துக்கு ஆயத்தம் செய்வது குற்றமல்ல என்பதே. அண்டை வீட்டுக்காரரைக் கொல்லும் எண்ணத்தோடு ஒருவர் கடையில் அரிவாள் வாங்கி வீட்டில் வைத்திருந்தால், அந்த எண்ணத்துக்காக அவரைத் தண்டிக்க முடியாது. மனம் மாறிவிட அவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அரிவாள் தேங்காய் வெட்டவும் பயன்படும். ஆனால் அரிவாளை ஓங்கி வீசி அது குறி தப்பினால் கொலை முயற்சி. வாங்கியதற்கும் வீசியதற்கும் இடையில் எங்கோ ஒரு கோடு இருக்கிறது. அது எங்கே என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் ஒருமுறை நெல் லாரியை வைத்தும், இன்னொருமுறை வெள்ளி லாரியை வைத்தும் சொல்ல வேண்டி வந்தது.

நெல் லாரி முதலில். 1966 அக்டோபரில் பஞ்சாபின் மலேர்கோட்லாவிலிருந்து 75 மூட்டை நெல்லை ஏற்றிக்கொண்டு டெல்லிக்குப் புறப்பட்ட லாரியை சமால்கா சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். உரிமம் இல்லாமல் மாநிலத்துக்கு வெளியே நெல் கொண்டுபோவதற்குத் தடை இருந்த காலம். ஓட்டுநர் மல்கியத் சிங்கும் கிளீனரும் கைதானார்கள். நெல் டெல்லிக்குத்தான் போகிறது என்பதைக் காட்டும் காகிதங்கள் லாரியிலேயே இருந்தன. நோக்கத்தில் சந்தேகமே இல்லை. கீழ் நீதிமன்றங்கள் தண்டித்தன. 1968இல் உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது.

சமால்கா டெல்லியிலிருந்து 32 மைல் தொலைவு என்பதுதான் அதற்கான காரணம். நெல் இன்னும் மாநிலத்தைத் தாண்டவில்லை, எனவே ஏற்றுமதி நடக்கவில்லை. முயற்சியாவது நடந்ததா? எல்லைக்கு இன்னும் தூரம் இருக்கும்போது, யாராவது எச்சரித்திருந்தால் உரிமம் இல்லை என்று தெரிந்து அவர்கள் வழியிலேயே மனம் மாறித் திரும்பியிருக்கலாம் என்றது நீதிமன்றம். மனம் மாற இடமிருக்கும் வரை அது ஆயத்தம் மட்டுமே.

லாரி ஓட்டுநர் யாரும் பாதி வழியில் மனம் திருந்தி நெல்லைத் திருப்பிக்கொண்டு போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் சட்டம் பார்ப்பது மனித சுபாவத்தை அல்ல. திரும்பிப்போகும் கதவு திறந்திருந்ததா என்பதைத்தான்.

வெள்ளி லாரியின் கதை இதைவிடச் சிக்கலானது. 1968 செப்டம்பரில் ஓர் இரவு. பம்பாய் சுங்க, கலால் அதிகாரிகளுக்குத் துப்பு கிடைக்கிறது. ஒரு ஜீப் முன்னே போக ஒரு லாரி பின்தொடர்கிறது. அதிகாரிகள் விளக்கை அணைத்துவிட்டு அவற்றின் பின்னால் போகிறார்கள். பேசின் பக்கம் காமன் உப்பங்கழியின் பாலத்தருகே இரண்டு வண்டிகளும் நிற்கின்றன. சிறிய, ஆனால் கனமான மூட்டைகளை இறக்கித் தரையில் வைக்கிறார்கள். அதிகாரிகள் பாய்ந்து சுற்றிவளைக்கும் அந்த நேரத்தில் கழியின் பக்கமிருந்து விசைப்படகு எஞ்சின் சத்தம் கேட்கிறது. லாரியில் மரத்தூள் மூட்டைகளுக்கு அடியில் வெள்ளிப் பாளங்கள்.

குற்றவியல் நடுவர் தண்டித்தார். செஷன்ஸ் நீதிபதி விடுவித்தார். வெள்ளி படகில் ஏறவில்லை, ஆகவே ஆயத்தம்தான் என்றார். உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. மல்கியத் சிங் தீர்ப்பை அப்படியே பொருத்தினால் அதுதான் விடை. வெள்ளியைத் திரும்ப லாரியில் ஏற்றிக்கொண்டு பம்பாய்க்கே போயிருக்கலாமே?

1980இல் நீதிபதிகள் சர்க்காரியாவும் சின்னப்ப ரெட்டியும் விடுதலையை ரத்து செய்தார்கள். முகமது யாக்கூப் வழக்கு என்று இது அறியப்படுகிறது. கடைசிக்கு முந்தைய படி வரை குற்றவாளி போயிருக்க வேண்டிய அவசியமில்லை என்றார் சின்னப்ப ரெட்டி. செய்த செயலைச் சூழ்நிலையோடு சேர்த்துப் பார்த்தால் நோக்கம் வெளிப்பட வேண்டும். அந்தச் செயல் குற்றத்துக்கு நெருக்கமாகவும் இருக்க வேண்டும். வெள்ளி ஏற்றிய லாரி நெடுஞ்சாலையில் மட்டும் போய்க்கொண்டிருந்தால் அது உள்நாட்டில் வேறெங்கோ போகிறது என்று சொல்ல வழியுண்டு. இங்கேயோ இரவு நேரம், கடலுக்கு வழிவிடும் கழி, மறைத்து வைத்த பாளங்கள், கரையில் இறக்கிய மூட்டைகள். இத்தனையும் சேர்ந்தால் வேறு விளக்கத்துக்கு இடமில்லை.

இரண்டு தீர்ப்புகளும் பொருந்துமா? என் பார்வையில் முழுமையாகப் பொருந்தாது. நெல்லின் விஷயத்திலும் நோக்கம் வெளிப்படையாகத்தான் இருந்தது. அங்கே குறைந்தது தூரம். வெள்ளியின் விஷயத்தில் தூரம் சில அடிகளாகச் சுருங்கிவிட்டது. அதோடு, கடத்தல் பொருளாதாரத்தை அரிக்கும் குற்றம் என்ற கவலை நீதிபதிகளின் எழுத்தில் நன்றாகவே தெரிகிறது. நாடாளுமன்றத்துக்கும் அதே கவலை இருந்தது. தடையை மீறி ஏற்றுமதிக்கு ஆயத்தம் செய்வதையே குற்றமாக்கி 135ஏ என்ற பிரிவை 1973இல் சுங்கச் சட்டத்தில் சேர்த்தது. யாக்கூப் பிடிபட்டது அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு என்பதால்தான் நீதிமன்றம் 'முயற்சி' என்ற சொல்லோடு இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

கோட்டைத் தாண்டிவிட்டால் பிறகு குற்றம் நிறைவேறியதா என்பது பொருட்டல்ல. அடுத்தவர் சட்டைப்பைக்குள் கை விடுகிறார் ஒருவர், பை காலி. திருட எதுவுமே இல்லாவிட்டாலும் அது திருட்டு முயற்சிதான் என்று சட்டமே உதாரணம் காட்டுகிறது. திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு என்றால் முயற்சிக்கு அதில் பாதி, ஒன்றரை ஆண்டு வரை.

இதுவரை சொன்னதெல்லாம் தனியாள் கணக்கு. இரண்டாவது ஆள் உள்ளே வந்ததும் கோடு சட்டென்று பின்னால் நகர்ந்துவிடுகிறது. ஒரு குற்றத்தைச் செய்வோம் என்று இருவர் உடன்பட்டால், அந்த உடன்பாடே சதி என்ற குற்றம். அரிவாள் வாங்கியிருக்க வேண்டாம், லாரி கிளம்பியிருக்க வேண்டாம். நெல் லாரியில் 32 மைல் தொலைவு காப்பாற்றியதே, இங்கே அந்தத் தொலைவுக்கு வேலை இல்லை. அந்த நான்கு பேரும் இங்கே மாட்டிக்கொள்ளலாம். கொள்ளையடிக்க அவர்கள் உடன்பட்டதை மெய்ப்பிக்க முடிந்தால் போதும். தனியாக முழு ஆயத்தமும் செய்து முடித்தவர் வெளியே இருக்க, வெறுமனே பேசி முடிவெடுத்த இருவர் உள்ளே போகலாம் என்பது இந்தச் சட்டத்தின் விசித்திரம். கூட்டாகச் சேர்ந்தவர்கள் பின்வாங்குவது கடினம், ஒருவர் மனம் மாறினாலும் மற்றவர் விடமாட்டார் என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம்.

1860இன் தண்டனைச் சட்டத்தில் சதி இவ்வளவு அகலமாக இல்லை. சதி செய்து உடந்தையாக இருந்தார் என்று சொல்ல, அதன்படி ஏதாவது ஒரு செயலாவது நடந்திருக்க வேண்டும். 1912 டிசம்பரில் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிங் மீது குண்டு வீசப்பட்டது. அடுத்த ஆண்டே வெறும் உடன்பாட்டைக் குற்றமாக்கும் பிரிவுகள் சேர்ந்தன. வெள்ளைக்காரன் அவசரத்தில் செய்த சேர்க்கை. இன்று 61ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

உடந்தையில் வேறொரு வகை முன்நகர்வு உண்டு. பணம் தருகிறேன், இன்னாரைத் தீர்த்துவிடு என்று ஒருவர் கேட்கிறார். கேட்கப்பட்டவர் முடியாது என்று எழுந்து போய்விடுகிறார். உடன்பாடு இல்லை, ஆகவே சதி இல்லை. ஆனால் தூண்டியவரின் குற்றம் கேட்ட கணத்திலேயே முடிந்துவிட்டது. கொலை நடக்காவிட்டாலும் ஏழு ஆண்டுகள் வரை சிறை. மறுத்தவர் காவல் நிலையத்துக்குப் போனால், அவரே முக்கிய சாட்சி.

உடன்பாடு என்பது கண்ணுக்குத் தெரியாத பொருள். சதிகாரர்கள் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடுவதில்லை. அதனால் சூழ்நிலைகள், தொலைபேசி அழைப்புகள், அப்ரூவர்களின் வாக்குமூலம் ஆகியவற்றைக் கொண்டே வழக்கு நடக்கிறது. ஒருவர் சொன்னதும் செய்ததும் மற்றவருக்கு எதிராகச் சான்றாகின்றன. தெரிந்தவர், பழகியவர், வீட்டில் இடம் கொடுத்தவர் எல்லாம் வலைக்குள் வந்துவிடும் ஆபத்து இங்கேதான்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் அதுதான் நடந்தது. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 7 பேரின் சதிக் குற்றத்தை உறுதி செய்து, 19 பேரை அதிலிருந்து விடுவித்தது. சதிகாரர்களோடு பழகியதும், சதி நடப்பது தெரிந்திருந்ததும்கூடப் போதாது. நோக்கத்தில் உடன்பட்டிருக்க வேண்டும் என்றது. 1991 மே 21ஆம் தேதி இரவோடு அந்தச் சதியின் நோக்கம் நிறைவேறிவிட்டது. அதன்பின் தப்பியோடியவர்களுக்கு அடைக்கலம் தந்தவர்கள் அதற்கான சிறிய குற்றத்துக்குத்தான் பொறுப்பாவார்கள். நடந்து முடிந்த சதியில் அவர்கள் பின்தேதியிட்டுச் சேர முடியாது.

உறுதி செய்யப்பட்ட ஏழு பேரில் ஒருவர் பேரறிவாளன். அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகள் வாங்கித் தந்தது. பெட்டிக்கடையில் பேட்டரி வாங்குவது குற்றமாகுமா என்பதற்கு விடை பேட்டரியில் இல்லை; எதற்கு என்று தெரிந்து வாங்கினாரா என்பதில் இருக்கிறது. எதற்கென்று தமக்கு அப்போது தெரியாது என்று அவர் சொன்ன பகுதியைத் தாம் வாக்குமூலத்தில் சேர்க்காமல் விட்டதாக, அதைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். அப்போது பேரறிவாளன் சிறைக்குள் போய் இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரை விடுவித்தது 2022 மே மாதத்தில்.